மும்பையில் நெரிசல் என்றால் சென்னையில் ஏன் நிற்க வேண்டும்?

கேள்வி: "மாலை நேரம், சென்னையிலிருந்து மும்பை போகும் விமானம். எல்லாரும் ஏறி, கதவையும் மூடிவிட்டார்கள். அப்புறம் கேப்டன் 'மும்பையில் ஏர் டிராஃபிக் கன்ஜெஷன், நாற்பது நிமிடம் ஆகும்' என்றார். சென்னையில் வானம் தெளிவாக இருந்தது. மும்பையில் இருக்கும் தம்பிக்குப் போன் செய்தால், அங்கே மழை விட்டுவிட்டது என்கிறான். நெரிசல் அங்கே என்றால், கிளம்பிப் போய் அங்கே காத்திருக்கக் கூடாதா? எங்களை ஏன் உள்ளே ஏற்றி உட்கார வைக்கிறார்கள்? இது ஏர்லைன்ஸ் சொல்லும் சாக்கா?"

சாக்காக இருக்க வாய்ப்பு குறைவு. முழுக்க இல்லை என்றும் சொல்லமாட்டேன், அதற்குக் கடைசியில் வருகிறேன். நான் பல வருடங்கள் ஏடிசியில், அதாவது வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில், வேலை பார்த்தவன். பிற்பாடு ஃப்ளோ மேனேஜ்மென்ட் மேசையில் உட்கார்ந்து, உங்களைப் போன்ற பயணிகளைக் காத்திருக்க வைத்த ஆட்களில் ஒருவனாகவும் இருந்தேன். அந்த மேசையிலிருந்து பார்த்தால் இந்த நாற்பது நிமிடம் எப்படிப் பிறக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

முதலில் மும்பை. அங்கே இரண்டு ரன்வே உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. அதனால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்த முடியும். பெரும்பாலும் கிழக்கு மேற்காக இருக்கும் பெரிய ரன்வே, அது மூடியிருந்தால் மற்றது. அந்த ஒரே கோட்டில்தான் இறங்குவதும் ஏறுவதும் மாறி மாறி நடக்க வேண்டும். பரபரப்பான நேரத்தில் இரண்டும் சேர்த்து மணிக்கு 46 வரை கையாண்ட இடம் அது. அதாவது 78 வினாடிக்கு ஒரு விமானம். 2024 பிப்ரவரியில் விமானப் போக்குவரத்து அமைச்சகம் தலையிட்டு, உச்ச நேரத்தில் 46ஐ 44 ஆகவும், மற்ற நேரத்தில் 44ஐ 42 ஆகவும் குறைக்கச் சொன்னது. விமானங்கள் நகரத்துக்கு மேலே 40 முதல் 60 நிமிடம் வரை வட்டமடிக்க வேண்டியிருந்ததுதான் காரணம். கொஞ்சமும் இடைவெளி விடாமல் நேரங்களைப் பங்கு போட்டிருந்தால், ஒரு விமானம் பிசகினால்கூடப் பின்னால் வரும் அத்தனையும் பிசகும்.

78 வினாடிக்கு ஒன்று என்பது எல்லாம் சரியாக இருக்கும் நாளின் கணக்கு. மழை கொட்டினால் ரன்வே ஈரமாகிறது, இறங்கிய விமானம் வேகத்தைக் குறைத்து வெளியேற நேரம் எடுக்கிறது. பார்வைத் தூரம் குறைந்தால் கோபுரத்திலிருக்கும் கன்ட்ரோலர் தன் கண்ணை நம்பி இடைவெளியை இறுக்க முடியாது. இறங்கும் பாதையில் இடிமேகம் நின்றால் ஒவ்வொரு விமானியும் அதைச் சுற்றிப் போகக் கேட்பார், ஒழுங்காக வந்துகொண்டிருந்த வரிசை கலைந்துவிடும். இறங்க முடியாமல் மறுபடி மேலே ஏறும் விமானங்களும் வரும், அவற்றைத் திரும்ப வரிசையில் நுழைக்க வேண்டும். இதெல்லாம் சேர்ந்து மணிக்கு 22 விமானம் இறங்கக்கூடிய இடம் 15 ஆகிவிடலாம். ரன்வே திறந்தேதான் இருக்கும், தம்பி ஜன்னலில் இருந்து பார்த்தால் விமானங்கள் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

இந்தக் கொள்ளளவை முன்கூட்டியே மதிப்பிட்டு, வரப்போகும் விமானங்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் ஃப்ளோ மேனேஜ்மென்டின் வேலை. இந்தியாவில் இதற்கு இந்திய விமான நிலைய ஆணையத்தின் மத்தியக் கட்டளை மையம் டெல்லியில் இருக்கிறது. சென்னை, மும்பை போன்ற பெரிய நிலையங்களில் அதோடு பேச ஒரு மேசை உண்டு. ஏர்லைன்ஸ் கொடுத்த ஃப்ளைட் பிளான் எல்லாம் மையத்தின் கம்ப்யூட்டரில் இருக்கும். எந்த விமானம் எத்தனை மணிக்கு மும்பையைத் தொடும் என்று அதிலிருந்து ஒரு பட்டியல் வரும். பட்டியலில் இருப்பது கொள்ளளவைவிட அதிகம் என்றால், கிரவுண்ட் டிலே புரோகிராம் என்று ஒன்றைப் போடுவார்கள், அதாவது கிளம்பும் ஊரிலேயே விமானங்களைத் தரையில் நிறுத்தி வைக்கும் திட்டம்.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. மாலை 6 மணியிலிருந்து மும்பையில் மணிக்கு 20 விமானம் இறங்க வேண்டும் என்று வையுங்கள், மூன்று நிமிடத்துக்கு ஒன்று. மழையால் மணிக்கு 15தான் முடியும், நான்கு நிமிடத்துக்கு ஒன்று. உங்கள் விமானம் 8 மணிக்கு இறங்க வேண்டியது. முதல் விமானம் சரியாக 6 மணிக்கு என்றால் வரிசையில் நீங்கள் 41ஆவது ஆள். உங்களுக்கு முன்னால் 40 பேர், ஆளுக்கு நான்கு நிமிடம், மொத்தம் 160 நிமிடம். ஆக உங்களுக்குக் கிடைக்கும் இறங்கும் நேரம் 8.40. சென்னையிலிருந்து பறக்கும் நேரம் சுமார் 95 நிமிடம் என்று வைத்துப் பின்னோக்கிக் கழித்தால், நீங்கள் ரன்வேயை விட்டு எழ வேண்டிய நேரம் 7.05. வழக்கமாக 6.10க்கு, விமானம் நிறுத்தும் இடமான பேயிலிருந்து நகர்ந்து 6.25க்கு எழும்பியிருப்பீர்கள். நாற்பது நிமிடம் இப்படித்தான் வருகிறது. எழும்ப வேண்டிய அந்த 7.05க்கு எங்கள் பேச்சில் சிடிஓடி என்று பெயர், கணக்கிட்டுக் கொடுத்த டேக் ஆஃப் நேரம். ஏர்லைன்ஸுக்கும் சென்னை கோபுரத்துக்கும் அது ஒரு செய்தியாகப் போய்ச் சேரும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். 6.03க்கு இறங்க வேண்டியவருக்குத் தாமதம் ஒரே நிமிடம், 8 மணிக்காரருக்கு நாற்பது. மழை யாரையும் பார்த்து அடிக்கவில்லை, வரிசையின் வால் பக்கம் இருப்பவர்கள் முன்னால் சேர்ந்ததையும் சுமக்கிறார்கள். இன்னொன்று, எல்லோரையும் தரையில் நிறுத்த முடியாது. துபாயிலிருந்தோ லண்டனிலிருந்தோ ஏற்கனவே வானத்தில் வந்துகொண்டிருக்கும் விமானத்தை இனி எங்கே நிறுத்துவது? மருத்துவ அவசரத்தில் வருவதையும், விவிஐபி விமானத்தையும் இந்தக் கணக்கில் இருந்து விலக்கிவிடுவார்கள். அவர்கள் தங்கள் நேரத்துக்கே இறங்குவார்கள். ஆனால் மொத்தத் தாமதம் குறையாது, ரன்வேயின் திறன் அதேதான். அவர்கள் சுமக்காத பங்கு இன்னும் தரையில் நிற்கும் விமானங்களின் தலையில் விழும். சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் போன்ற ஒன்றரை மணி நேரத் தூரத்துக்காரர்கள்தான் இதில் அதிகம் மாட்டுவார்கள்.

அங்கே போய்க் காத்திருக்கக் கூடாதா என்றால், காத்திருக்கலாம். இந்த முறை வருவதற்கு முன்னால் அப்படித்தான் செய்தோம். நிலையத்திலிருந்து சற்றுத் தள்ளி வானத்தில் ஒரு புள்ளியை வைத்து, நீள்வட்டத்தில் சுற்றச் சொல்வோம். ஒரு சுற்றுக்குச் சுமார் நான்கு நிமிடம். ஒன்றின்மேல் ஒன்றாக ஆயிரம் அடி இடைவெளியில் அடுக்குவோம். கீழே இருப்பது இறங்கப் போனதும் மேலே இருப்பவற்றை ஒவ்வொரு படியாக இறக்குவோம். இரண்டு மூன்று விமானம் என்றால் ஒன்றும் தெரியாது. பத்துப் பன்னிரண்டு என்றால் அந்தப் பகுதியைப் பார்க்கும் கன்ட்ரோலரின் கவனம் முழுவதும் அந்த அடுக்கிலேயே போய்விடும். அதே வான்பகுதியில் மும்பையிலிருந்து கிளம்பும் விமானங்களும் ஏறிக்கொண்டிருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

எரிபொருள் இன்னொரு பக்கம். 2024இல் கொள்ளளவைக் குறைத்தபோது அமைச்சகம் சொன்ன கணக்குப்படி, சுற்றிக்கொண்டிருக்கும் விமானம் மணிக்குச் சராசரியாக 2,000 கிலோ எரிபொருள் குடிக்கிறது. 40 நிமிடம் சுற்றினால் ஏறக்குறைய 1.7 கிலோலிட்டர், அப்போதைய விலையில் சுமார் 1.8 லட்சம் ரூபாய். பணத்தை விடுங்கள், எனக்குப் பயம் வேறு. ஒரு விமானம் போய்ச்சேரத் தேவையான எரிபொருள், மாற்று நிலையத்துக்குப் போகத் தேவையானது, அதன்பின் கடைசியாக முப்பது நிமிடம் பறக்கும் இருப்பு, இவற்றோடு கொஞ்சம் உபரியும் ஏற்றிக்கொண்டுதான் கிளம்பும். வட்டமடிப்பதற்குக் கையில் இருப்பது அந்த உபரிதான். அது தீர்ந்தால் அகமதாபாத்துக்கோ நாக்பூருக்கோ திருப்ப வேண்டியதுதான். மூன்று பேர் ஒரே நேரத்தில் அப்படிக் கேட்டால், நெரிசல் மும்பையைவிட்டு அந்த ஊர்களுக்கும் தொற்றும். திரும்பிப் போனவர்கள் எரிபொருள் நிரப்பிக்கொண்டு மறுபடி மும்பை வரிசைக்கே வருவார்கள். பேயில் நிற்கும் விமானத்துக்கோ பெரிய எஞ்சின்கள் ஓட வேண்டியதில்லை, வாலில் இருக்கும் சின்ன எஞ்சினோ தரையிலிருந்து வரும் மின்சாரமோ போதும். நேரம் போனால் போகிறது, யாருக்கும் ஆபத்து இல்லை.

அமெரிக்கா இந்தப் பாடத்தை நெருக்கடியில் கற்றது. 1981 ஆகஸ்டில் அங்கே கன்ட்ரோலர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ரீகன் அரசு 11,000க்கும் அதிகமானவர்களை வேலையை விட்டே நீக்கியது. மிச்சமிருந்த ஆட்களை வைத்து வானத்தில் அடுக்கிச் சமாளிக்க வழியில்லை, அதனால் கிளம்பும் இடத்திலேயே விமானங்களை நிறுத்தி வைக்கும் முறை பெரிய அளவில் அப்போதுதான் நிலைத்தது.

இனி தம்பி சொன்ன மழை. அவன் பொய் சொல்லவில்லை. அவன் வீட்டு மேலே மழை விட்டிருக்கலாம், ஆனால் இறங்கும் பாதை நிலையத்திலிருந்து பல மைல் நீளும். அங்கே மேகம் நின்றால் போதும். அது ஒரு சின்னக் காரணம்தான். பெரிய காரணம் தேங்கிப்போன விமானங்கள். மேலே போட்ட கணக்கிலேயே இரவு 8 மணிக்கு மழை முழுக்க விட்டுவிட்டது என்று வையுங்கள். இரண்டு மணி நேரத்தில் வந்திருக்க வேண்டியவை 40, இறங்கியவை 30. பத்து விமானம் பாக்கி. இப்போது ரன்வே பழைய வேகத்துக்குத் திரும்பி மணிக்கு 22 இறக்குகிறது. ஆனால் புதிதாக வரும் கூட்டம் மணிக்கு 20. ஆக, பாக்கியில் மணிக்கு இரண்டுதான் குறையும். பத்தும் தீர ஐந்து மணி நேரம். இரண்டு மணி நேர மழைக்கு ஐந்து மணி நேர வால். நிஜத்தில் இரவு ஏற ஏறக் கூட்டம் குறையும், சில விமானங்கள் ரத்தாகும், அதனால் சற்று முன்பே தீர்ந்துவிடும். ஆனால் மழை நின்ற நிமிடமே எல்லாம் சரியாகிவிடாது என்பது உறுதி. கொஞ்சமும் உபரி இல்லாமல் ஓடும் எந்த நிலையத்துக்கும் இந்தக் கதிதான். மும்பையில் அது ரொம்பவே தெரியும்.

இதுவரை சொன்னதெல்லாம் எனக்குச் சந்தேகமில்லாதது. சந்தேகம் உள்ள இடம் அந்த '15' என்ற எண். அது வானிலை முன்னறிவிப்பைப் பார்த்து, பல மணி நேரம் முன்னால், மனிதர்கள் பேசி முடிவு செய்வது. மேற்படிக் கணக்கில் 15க்குப் பதில் 18 என்று வைத்துப் பாருங்கள். உங்கள் முன்னால் இருக்கும் 40 பேருக்கு 133 நிமிடம்தான் ஆகும். உங்கள் தாமதம் நாற்பதிலிருந்து பதின்மூன்றுக்கு இறங்கிவிடும். மூன்று விமானம் கூடக் குறையச் சொன்னதற்கு இவ்வளவு வித்தியாசம். எதிர்பார்த்த மழை வராமலே போகும் நாளும் உண்டு. அன்று மும்பை ரன்வே சும்மா கிடக்கும், சென்னையில் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். அப்போது விடுவித்தாலும் நீங்கள் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆகும், சும்மா போன ரன்வே நேரம் போனதுதான். அதைத் தவிர்க்க, தேவையான அளவைவிடச் சற்றுக் குறைவாகவே தரையில் பிடித்து வைப்போம். மும்பை மேலே எப்போதும் ஓரிரு விமானம் தயாராகச் சுற்றிக்கொண்டிருந்தால்தான் ரன்வேக்கு வேலை தீராது. அதனால்தான் நாற்பது நிமிடம் தரையில் நின்றுவிட்டு வந்தபின்னும் மேலே பத்து நிமிடம் சுற்றுகிறீர்கள். இரண்டு இடத்திலும் ஏமாற்றிவிட்டார்கள் என்று தோன்றும், ஆனால் அது தெரிந்தே வைத்தது.

உள்ளே ஏற்றி உட்கார வைப்பதுதான் பயணிகளுக்கு அதிகக் கோபம் வரும் விஷயம், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் கணக்கு இப்படி. கொடுத்த டேக் ஆஃப் நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பிருந்து பத்து நிமிடம் பின்புவரை எழும்பலாம் என்பது ஐரோப்பாவிலும் பிற இடங்களிலும் பொதுவான அளவு. அந்தக் கால் மணி நேரத்தைத் தவறவிட்டால் மும்பையில் உங்களுக்கென்று ஒதுக்கிய இடம் போய்விடும், புதிதாக ஒன்று தேட வேண்டும். அது அரை மணி நேரம் கழித்தும் கிடைக்கலாம். நூற்றெண்பது பேரை ஏற்றி, எண்ணி, கதவை மூட முப்பது நிமிடத்துக்கு மேல் ஆகும்போது, யாரும் கடைசி நிமிடம்வரை காத்திருக்கத் துணியமாட்டார்கள். அதோடு நேரம் முன்னால் நகரவும் செய்யும். வேறொரு விமானம் ரத்தானாலோ, 15 என்ற எண்ணை 18 ஆக்கினாலோ, கதவை மூடித் தயாராக நிற்பவருக்குத்தான் அந்த நல்ல இடத்தைக் கொடுக்க முடியும். லவுஞ்சில் காபி குடித்துக்கொண்டிருக்கும் பயணிகளை வைத்துக்கொண்டு "இன்னும் பத்து நிமிடத்தில் கிளம்பு" என்ற அழைப்பை ஏற்க முடியாது. 'தயார்' என்று விமானி சொன்னால்தான் நாங்களும் மையத்திடம் ஏதாவது முன்னதாகக் கிடைக்குமா என்று கேட்போம்.

இதற்குமேல் ஏர்லைன்ஸின் சொந்தக் காரணங்களும் உண்டு. பேயிலிருந்து நகர்ந்த நேரத்தை வைத்துத்தான் 'சரியான நேரத்தில் கிளம்பியது' என்று கணக்கு எழுதுவார்கள். அந்த பே அடுத்து வரும் விமானத்துக்குத் தேவைப்படலாம், அப்போது உங்களைப் பின்னால் தள்ளி ஓர் ஓரமாக நிறுத்துவார்கள். எல்லாம் பயணியின் நன்மைக்கே என்று நான் சொல்லவரவில்லை. முன்பே நாற்பது நிமிடம் என்று தெரிந்திருந்தால் இருபது நிமிடமாவது கழித்து ஏற்றியிருக்கலாம். சில ஏர்லைன்ஸ் அப்படிச் செய்கின்றன, சில செய்வதில்லை.

சாக்கா என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் குறிப்பிட்ட விமானத்தின் கோப்பைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் நீங்களே ஓரளவு கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கேப்டன் சுற்றிவளைக்காமல் "7.05க்கு டேக் ஆஃப் கொடுத்திருக்கிறார்கள்" என்று ஒரு நேரத்தைச் சொன்னால் அது பெரும்பாலும் உண்மையான சிடிஓடி. ஃப்ளைட்ரேடார்24 போன்ற ஆப்பைத் திறந்து மும்பையைப் பாருங்கள். விமானங்கள் வட்டமடித்துக்கொண்டிருந்தால், பெங்களூரிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் மும்பை போகும் வேறு ஏர்லைன்ஸ் விமானங்களும் அதே நேரத்தில் தாமதமாகியிருந்தால், நெரிசல் நிஜம். உங்கள் ஒரு விமானம் மட்டும் நிற்கிறது, மற்றவை ஒழுங்காகப் போகின்றன என்றால் சந்தேகப்படலாம். அதே விமானம் அதற்கு முன் எந்த ஊரிலிருந்து எத்தனை மணிக்குச் சென்னை வந்தது என்றும் அதே ஆப்பில் தெரியும். அதுவே ஒரு மணி நேரம் தாமதமாக வந்திருந்தால் காரணம் வேறு. ஏர்லைன்ஸின் உள்பதிவில் இவற்றுக்குத் தனித்தனி எண்கள் இருக்கின்றன. போய்ச்சேரும் நிலையத்தின் கட்டுப்பாடு 83, அங்குள்ள வானிலையால் வந்த ஃப்ளோ தாமதம் 84, முந்தைய பயணத்திலிருந்து விமானமே தாமதமாக வந்தது 93.

நிறைய நாட்களில் இரண்டும் கலந்துதான் இருக்கும். மையம் கொடுத்தது பதினைந்து நிமிடம்தான். ஆனால் ஒரு பயணி பையை ஏற்றிவிட்டு வராமல் போனதால் அந்தப் பையைத் தேடி இறக்க நேரமாயிற்று, பத்து நிமிட விளிம்பு தாண்டியது, அடுத்த இடம் முப்பத்தைந்து நிமிடம் கழித்துக் கிடைத்தது. உங்களிடம் 'மும்பையில் கன்ஜெஷன்' என்றுதான் அறிவிப்பார்கள். அது பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. அடுத்த முறை பணிப்பெண்ணிடம் "நமக்கு முதலில் கொடுத்த நேரமே இதுதானா, மாற்றினார்களா" என்று கேட்டுப் பாருங்கள். கேப்டனிடம் கேட்டுவந்து சொல்பவர்கள் உண்டு.